ரெஸ்யூமில் ஏறிய இருபத்திரண்டு படகுகள்

நான் செய்தது நாற்பத்தெட்டு விநாடி ஓடுகிற ஒரு வீடியோ. கொலை செய்யவில்லை, கொள்ளை அடிக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கும் யாராவது "உங்க வீடியோ பாத்தேன் மேடம்" என்று ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

புதுச்சேரியில், உப்பளம் பக்கத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பிளேஸ்மென்ட் ஆபீசர் வேலை எனக்கு. படித்து முடிக்கிற பிள்ளைகளுக்கு வேலை வாங்கித் தர வேண்டும். பதவியின் பெயர்தான் பெரிசு. அறைக்குள் நான், ஒரு மேசை, தினமும் தாளைக் கடித்துத் துப்பும் ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். ரெஸ்யூம் படித்துப் படித்தே கண்ணாடி போட்டவள். 'நான் கடின உழைப்பாளி', 'குழுவோடு இணைந்து பணியாற்றுவேன்', 'புதியவற்றைக் கற்பதில் ஆர்வம் உள்ளவன்' என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல எழுதிக்கொண்டு வருவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "உழைப்பாளின்னு நீயே சொன்னா ஆச்சா? என்னா உழைச்ச, அத எழுது" என்று கத்துவேன். என் சத்தம் கீழே கேன்டீன் வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். கேட்கட்டும் என்றுதான் நானும் கத்துவது.

அப்படித் திட்டு வாங்கினவர்களில் ஒருத்திதான் அந்தப் பெண். பி.காம் கடைசி வருடம். அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா ஒரு ஐஸ் கம்பெனியில் மினி லாரி ஓட்டுகிறார். கம்பெனியிலிருந்து தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் பார், அதாவது பெரிய பெரிய ஐஸ் கட்டிகளை, ஏற்றிக்கொண்டு போய்ப் படகுகளுக்குப் போடுகிற வேலை. அந்தப் பெண் நீட்டின ரெஸ்யூமில் பெயர், விலாசம், மதிப்பெண் எல்லாம் போக, அனுபவம் என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'துறைமுகத்தில் ஐஸ் வேலையில் என் அப்பாவுக்கு உதவியாக இருந்தேன்.'

"என்னம்மா இது? ஐஸ் தூக்குனியா?" என்றேன்.

"இல்ல மேடம். ஆர்டர் பாத்துக்குனேன்."

"பாத்துக்குனேன்னா? வாயத் தொறந்து சொல்லு."

அவள் சத்தமாகப் பேசாத ரகம். ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. படகுகள் கடலுக்குப் போகிற நேரத்தில் எல்லாரும் ஒன்றாக அவள் அப்பாவுக்குப் போன் அடிப்பார்களாம். எனக்குப் பதினைந்து பார், எனக்கு இருபது பார் என்று ஆளாளுக்குக் கத்துவார்களாம். யார் முதலில் கேட்டது என்று சண்டை வருமாம். ஏற்றின லாரி ஒரு படகுக்குப் போதாமல் திரும்பி ஓடுமாம். இவள் என்ன செய்தாள் என்றால், முந்தின நாள் சாயங்காலமே ஒரு வாட்ஸ்அப் குழுவில் எல்லாப் படகுக்காரர்களையும் எத்தனை பார் வேண்டும், எத்தனை மணிக்கு வேண்டும் என்று போட வைத்தாள். அதைக் கூகுள் ஷீட்டில் வரிசைப்படுத்தி, லாரியின் எந்த நடைக்கு எந்தப் படகு என்று அப்பாவின் போனுக்கு அனுப்பினாள். மொத்தம் இருபத்திரண்டு படகுகள். ஒரு வருடமாக அவளே நடத்துகிறாள்.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எம்.பி.ஏ படித்தவனுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்கிற வேலையை இந்தப் பெண் ஓசையில்லாமல் செய்துவிட்டு, 'அப்பாவுக்கு உதவியாக இருந்தேன்' என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறது!

"இதனால என்னா மாறுச்சு? முன்ன ஒரு படகு ஐஸுக்கு எவ்ளோ நேரம் காத்துக்கெடக்கும்?"

"ஒரு மணி, ஒண்ணே கா மணி நேரம் ஆவும் மேடம். சில நாளு ரெண்டு மணி நேரம்கூட ஆயிருக்கு."

"இப்ப?"

"நாப்பது நிமிசத்துல ஏத்தி முடிச்சிடறாங்க."

அங்கேயே கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து நான் தட்டினேன். என்ன செய்தாய், எதைக் கொண்டு செய்தாய், எத்தனை பேருக்குச் செய்தாய், அதனால் என்ன மாறியது. ஒரு நல்ல ரெஸ்யூம் வரிக்கு இந்த நாலும் வேண்டும். வேலையைச் சொல்லும் சொல்லில் தொடங்க வேண்டும். 'நான்', 'என்' எல்லாம் தேவையில்லை. புது வரியும் ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால் இப்படி வந்தது: 'இருபத்திரண்டு மீன்பிடிப் படகுகளுக்கு, முந்தைய நாளே ஐஸ் ஆர்டர் பதியும் முறையை கூகுள் ஷீட்டில் உருவாக்கி நடத்தியதில், படகுகள் காத்திருக்கும் நேரம் இரண்டு மணியிலிருந்து நாற்பது நிமிடமாகக் குறைந்தது.'

இரண்டு மணி என்று போட்டது நான்தான். ஒன்றே கால் என்றால் சப்பென்று இருந்தது. சில நாள் இரண்டு மணி ஆனது உண்மைதானே என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் வரியை இரண்டு தடவை படித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "என்னா?" என்று நான் கேட்ட தொனியில் யாருக்கும் பேச்சு வராது. "ஒண்ணும் இல்ல மேடம், தேங்ஸ் மேடம்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம்தான் எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கும் தம்பி எனக்கு ஒரு யோசனை சொன்னான். "ஏன் மேடம் ஒவ்வொருத்தர் கிட்டயா தொண்ட கிழிய கத்துறீங்க? யூடியூப்ல ஒரு ஷார்ட்ஸ் வீடியோ போடுங்க. ஒரு மட்டமான வரி, அதையே நல்லா மாத்தி எழுதுன வரி. அவ்ளோதான். பசங்க அதத்தான் பாக்கறாங்க." எனக்கும் ஆசை வந்துவிட்டது. எந்த வரியை எடுப்பது என்று யோசிக்கவே இல்லை. கையில் அல்வா மாதிரி ஒரு வரி இருக்கிறதே! பெயரைப் போடப்போவதில்லை, கல்லூரியின் பெயரும் வராது, பிறகென்ன என்று நினைத்தேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பதுதான் இன்றைக்கு எனக்கு அதிர்ச்சியாக இருக்கிறது.

வீடியோவில் பழைய வரி மேலே சிவப்பில் வரும், அதன்மேல் ஒரு பெருக்கல் குறி விழும். கீழே பச்சையில் புது வரி எழுந்து வரும். நடுவில் நான் கையை ஆட்டிப் பேசுவேன். முதலில் எடுத்தபோது எழுபது விநாடி ஓடியது. கடைசியில் நான், "இது உதாரணம்தான். உங்க வேலைய எழுதுங்க, உங்க கணக்க எழுதுங்க. யாராவது எப்படின்னு கேட்டா பதில் சொல்ல முடியாத நம்பர எழுதாதீங்க" என்று சொல்லியிருந்தேன். தம்பி அதை வெட்டிவிட்டான். அறிவுரை ஆரம்பித்தால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்களாம். நானும் சரி என்று தலையாட்டினேன். அவனைக் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. வெட்டட்டுமா என்று கேட்டான், வெட்டு என்றேன்.

வீடியோ எங்கேயோ போய்விட்டது. நான் எதிர்பார்த்தது எங்கள் பிள்ளைகள் ஒரு முந்நூறு பேர். ஒரு வாரத்தில் விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ஆட்கள் கேள்வி கேட்டிருந்தார்கள். 'மேடம் வேற லெவல்' என்று ஒருவன். 'இத காலேஜ்ல யாரும் சொல்லித் தரல' என்று இன்னொருவன். பிரின்சிபால் ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் ஒரு அம்மாள் என்னை அடையாளம் கண்டு, "எங்க பையன் உங்களத்தான் பாக்கறான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை. காலையில் எழுந்ததும் ஜெபம் சொல்வதற்கு முன்னால் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். மாதாவே, மன்னித்துக்கொள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கம்பெனி எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தது. சரக்குகளைக் கிடங்கில் வைத்து லாரிகளில் அனுப்புகிற நிறுவனம். எந்த லாரி எப்போது எங்கே போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் டிரெய்னி வேலைக்கு நாலு பேர் வேண்டுமாம். எங்கள் பிள்ளைகளோடு பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எல்லாருமாக அறுபது பேர் இருக்கும். இந்த வேலை அந்தப் பெண்ணுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இத விட்டுடாத" என்று சொல்லியிருந்தேன். "அப்பாவுக்கு முதுகு போயிடுச்சு மேடம். இந்த வருசத்தோட லாரிய விட்டுடறேன்னு சொல்றாரு. எனக்கு இது கெடைக்கணும்" என்றாள். அதுவரைக்கும் அவள் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். நேர்காணல் நடந்த அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒரு அம்மாள். என் வயதுதான் இருக்கும். மேசைமேல் ரெஸ்யூம்களை விசிறிபோலப் பரப்பி வைத்திருந்தார்.

"உக்காருங்க மேடம். இதக் கொஞ்சம் படிச்சிப் பாருங்க" என்றார்.

முதல் தாளில், இருபத்திரண்டு பால் வண்டிகளுக்கு முந்தைய நாளே ஆர்டர் பதியும் முறையை கூகுள் ஷீட்டில் உருவாக்கியதில், காத்திருக்கும் நேரம் இரண்டு மணியிலிருந்து நாற்பது நிமிடமாகக் குறைந்தது. எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. இரண்டாவதில், இருபத்திரண்டு பைக்குகளுக்கு. மெக்கானிக் ஷாப்பாம். இரண்டு மணி, நாற்பது நிமிடம். மூன்றாவதில் இருபத்திரண்டு மாணவர்கள், கல்லூரி நூலகம். நூலகத்தில் எவன் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றான்! நாலாவது ஆளுக்கு மாற்றி எழுதக்கூடப் பொறுமை இல்லை. இருபத்திரண்டு மீன்பிடிப் படகுகள் என்றே வைத்திருந்தான். விலாசத்தைப் பார்த்தேன். கடலே கண்ணில் படாத ஊர். விழுப்புரத்துக்கும் அந்தாண்டை.

என் முகத்திலிருந்த சிரிப்பெல்லாம் இறங்கிவிட்டது. ஐந்தாவது, ஆறாவது. அடப் பாவிகளா! வரியை எப்படி எழுத வேண்டும் என்று காட்டினால், வரியையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எண்ணைக்கூட மாற்றவில்லை. எண்தான் வேலை வாங்கித் தருகிறது என்று நினைத்துவிட்டார்கள் போல.

"ஏழு பேரு மேடம்" என்றார் அதிகாரி. "மொதல்ல வந்தவன்கிட்ட ஆசையா கேட்டேன், எப்படிப்பா செஞ்சேன்னு. முழிக்கிறான். மூணாவது ஆளு வரும்போதுதான் புரிஞ்சிது. ஏதோ வீடியோவாம். பாத்து எழுதுனேன்னு ஒருத்தன் ஒத்துக்கிட்டான். அதுக்கப்புறம் இந்த வரி இருந்தா நான் பேசவே இல்ல, அனுப்பிட்டேன். பொய் சொல்றவங்கள நம்பி நான் எப்படி லாரிய அனுப்புறது?"

ஏழாவது தாளை அவர் புரட்டிக் காட்டினார். அந்தப் பெண்ணின் பெயர். மேலே சிவப்பு மையில் ஒரு கோடு.

"இந்தப் பொண்ணையும் அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"இப்பத்தான் போனா. இதுவும் படகுதான். அச்சு அசல் காப்பி" என்றார்.

நான் எழுந்து வெளியே ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு. அவள் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். திகைத்துப் போயிருந்தாள்.

"மேடம், நான் வீடியோவப் பாத்துக் காப்பி அடிச்சேன்னு சொல்றாங்க மேடம். எந்த வீடியோ? எனக்கு ஒண்ணுமே புரியல. ஒரு கேள்விகூடக் கேக்கல. இதுல எழுதியிருக்கறது நீங்க செஞ்ச வேலையே கெடையாதுன்னு சொல்லிட்டாங்க."

"நீ பாக்கலியா?" என்றேன். அப்போது எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"எத மேடம்? என் போன்ல ஷீட்டும் வாட்ஸ்அப்பும் வச்சாலே மெமரி ஃபுல்லுன்னு வருது."

ஊரெல்லாம் பார்த்த வீடியோவை, அதற்குச் சொந்தக்காரி பார்க்கவில்லை. ஐயோ, எனக்கு அங்கேயே படியில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. "நான் போட்ட வீடியோம்மா அது. உன் வரிய நான் போட்டுட்டேன். அதப் பாத்து எல்லாரும் எழுதிட்டானுங்க" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்தாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். இந்தக் கல்லூரி வேலையில் ஒரு மாணவி முன்னால் நான் கண்ணைத் தாழ்த்தியது அதுதான் முதல் தடவை.

"இங்கயே நில்லு. எங்கயும் போவாத" என்று சொல்லிவிட்டுத் திரும்ப அறைக்குள் போனேன்.

அதிகாரியிடம் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "அந்த வீடியோ நான் போட்டது மேடம். அந்த வரி இந்தப் பொண்ணோடது. இவளக் கேக்காம எடுத்துப் போட்டேன். மத்த ஆறு பேரும் காப்பி. இவ ஒருத்திதான் நெஜம்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்களா?" என்றார். அந்த 'நீங்களா'வில் இருந்ததை நான் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது. "ஒரு காலேஜ் பிளேஸ்மென்ட் ஆபீசர், ஒரு பொண்ணோட வேலைய எடுத்து ஊருக்கே குடுத்திட்டீங்க. இப்ப வந்து இது மட்டும் நெஜம்னு சொல்றீங்க. நான் எப்படி மேடம் நம்புறது? உங்க ஸ்டூடன்ட்டுக்காக நீங்க பேசத்தான செய்வீங்க?"

"என்னைய நம்ப வேணாம். அவளக் கூப்பிட்டுக் கேளுங்க. அஞ்சு நிமிசம். அவ சொல்றது ஒத்துவரலன்னா அவளோட சேத்து என்னையும் அனுப்பிடுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "நீங்க பேசக் கூடாது. அந்த ஓரமா உக்காருங்க" என்றார். நான் ஓரமாக உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னால் எனக்கு என்ன கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

அந்தப் பெண் வந்தாள். அதிகாரி ரெஸ்யூமைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு வேணாம். நீ என்ன பண்ண, சொல்லு" என்றார்.

முதல் ஒரு நிமிடம் திக்கினாள். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு ஐஸ் வந்தது, படகு வந்தது, அவள் குரலும் வந்தது. எந்தப் படகுக்காரர் ஆர்டர் போட மறப்பார், அவருக்கு மட்டும் ஆறு மணிக்கு நினைவுபடுத்துவது. ஐஸ் கம்பெனியில் கரண்ட் போனால் அன்றைக்கு யாருக்கு எத்தனை பார் குறைப்பது. அதற்கு அவர்கள் சண்டை போட்டால் ஷீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுவது. "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கொறச்சிருக்குன்னு பாத்துட்டா அப்பறம் கத்த மாட்டாங்க மேடம்." அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

"சரி. காத்திருக்கற நேரத்த எப்படி அளந்த?"

அவள் போனை எடுத்தாள். குழுவில் படகுக்காரர் 'வந்தாச்சு, ஐஸ் எங்க' என்று போடுகிற நேரம் இருக்கிறது. ஏற்றி முடித்ததும் அப்பா 'ஏத்தியாச்சு' என்று போடுகிற நேரமும் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு இரண்டையும் எடுத்து ஷீட்டில் கழித்து வைத்திருந்தாள். குழு ஆரம்பித்த புதிதில் பழைய முறையிலேயே லாரி ஓடிய நாட்களையும் குறித்து வைத்திருந்தாள். அதிகாரி போனைக் கையில் வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இதுல பழைய கணக்கு சராசரி ஒண்ணே கால் மணி நேரம்தான வருது? ரெஸ்யூம்ல ரெண்டு மணின்னு இருக்கே?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆமா மேடம். ரெண்டு மணி ஆனது நாலஞ்சு நாளுதான். ஒண்ணே கால்தான் சரியான கணக்கு. பெரிய நாள எழுதிட்டோம். தப்புதான்."

எழுதிட்டோம் என்றாள். எழுதிட்டாங்க என்று சொல்லவில்லை. வேலை கையை விட்டுப் போகிற நேரத்தில், அவளைக் கேட்காமல் அவள் வரியை ஊருக்குக் கொடுத்தவளை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. பேசக் கூடாது என்று சொன்னதெல்லாம் மறந்துபோய், "மேடம், அது நான் போட்டது! இவ ஒண்ணே கால்னுதான் சொன்னா, எடுப்பா இருக்கட்டும்னு நான்தான் ரெண்டாக்குனேன்!" என்று கத்திவிட்டேன்.

அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு சாண் குறைந்துபோனேன். ரெஸ்யூமை நிமிர்த்தி, இரண்டு மணியை அடித்து ஒன்றே கால் என்று எழுதினார். பிறகு முதலில் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தார். "வெளிய இரும்மா" என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

நாலு மணிக்குப் பட்டியல் வந்தது. நாலு பெயரில் இரண்டாவது அவளுடையது. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குக்கூட நான் காத்திருக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு தேடினேன். அவள் வெளியே அரியாங்குப்பம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். சொன்னேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்குப் போன் போட்டாள், அவர் எடுக்கவில்லை, லாரியில் இருப்பார். திரும்ப என் கையைப் பிடித்து, "தேங்ஸ் மேடம்" என்றாள். எனக்கா நன்றி! எனக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. ஆனாலும் மனசு குளிர்ந்துதான் போயிருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பொல்லாத நேரம் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"மேடம், அந்த வீடியோவ நான் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

என் போனிலேயே எடுத்துக் கொடுத்தேன். வெயிலுக்குத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். நானும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வெளியிட்ட பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, வீடியோவை முழுசாகத் திரும்பப் பார்த்ததே இல்லை.

சிவப்பில் பழைய வரி வந்தது. துறைமுகத்தில் ஐஸ் வேலையில் என் அப்பாவுக்கு உதவியாக இருந்தேன். அதைக் காட்டி என் குரல் சிரித்தது. "அப்பாவுக்கு ஒதவுனியா? ரொம்ப சந்தோசம். அத ஒங்க அம்மாகிட்ட சொல்லு, காபி போட்டுத் தருவாங்க. கம்பெனிக்காரனுக்கு ஒங்க அப்பா யாரு?" பெருக்கல் குறி விழுந்தது, கூடவே தம்பி சேர்த்திருந்த ஒரு கேலிச் சத்தம். அதற்குக் கீழே கமென்ட்டில் நூற்றுக்கணக்கில் சிரிக்கும் பொம்மைகள். 'அப்பா ஐஸ்காரன் போல' என்று எவனோ எழுதியிருந்தான். அதற்கு நான் ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாகப் போட்டிருந்தேன்.

நான் அப்படிப் பேசினேன் என்பதே எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. போனைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று கை எழுந்தது. எழுந்த கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் கடைசி வரைக்கும் பார்த்தாள். பச்சை வரியையும் படித்தாள். பிறகு போனைத் துப்பட்டாவில் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.

"நீங்க கேட்டிருந்தா அந்தக் கீழ வரிய நானே குடுத்திருப்பேன் மேடம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஆனா அந்த மேல வரியும் என்னுதுதான். அதுலதான் மேடம் எங்க அப்பா இருக்காரு."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.